பலகையில் பெரிய கம்பனி, கம்பியில் யார்? யாழ்ப்பாணத்தில் இணைய இணைப்பு எடுக்கும் முன்

திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ வாடகைக்கு அறை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்: பெரிய தொலைத்தொடர்புக் கம்பனிகளின் சின்னம் இல்லாத சந்தியே கிடையாது. தொலைபேசிக் கடை, கணினி திருத்தும் கடை, கேபிள் டிவி அலுவலகம், போட்டோப் பிரதிக் கடை என்று எல்லா இடத்திலும் அதே நிறம், அதே எழுத்து. புதிதாக வந்தவர் ஏதோ ஒரு கடைக்குள் போய் இணைப்புக் கேட்கிறார். கடைக்காரரும் தருகிறார். அந்தப் பெயருக்கும் அந்தக் கடைக்கும் என்ன உறவு என்பது முதல் தடவை கம்பி அறுந்த பிறகுதான் அவருக்குத் தெரியவருகிறது.

உறவு மூன்று வகைப்படும். முதலாவது, வலையமைப்பின் சொந்தக்காரர். கேபிளைப் போட்டவரும், அலைவரிசையைப் பெற்றவரும், பழுது பார்க்கக் கடமைப்பட்டவரும் அவரே. இரண்டாவது, முகவர். இவர் விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்துத் தரகு பெறுபவர். ஒப்பந்தம் உங்களுக்கும் கம்பனிக்கும் இடையில்தான் ஏற்படும். மூன்றாவது, மறுவிற்பனையாளர். கம்பனியிடம் தன் பெயரில் ஒரு இணைப்பை வாங்கி, அதை ஒழுங்கை முழுவதும் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் காசு வாங்குபவர். யாழ்ப்பாணத்தில் இதை "லைன் பிரித்துக் கொடுப்பது" என்பார்கள். கம்பனியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஒரே ஒரு வாடிக்கையாளர், அந்தக் கடைக்காரர். நீங்கள் அதன் கணக்கில் இல்லவே இல்லை.

முகவரிடம் வாங்குவதில் தவறொன்றும் இல்லை. சிக்கல் என்னவென்றால், இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றுபோலவே இருக்கும். முகவருக்குக் கம்பனியே பலகை கொடுக்கிறது. மறுவிற்பனையாளர் அதே பலகையைத் தானே அச்சடித்துக்கொள்கிறார்.

பெயர்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். ஸ்ரீலங்கா டெலிகொம்மும் மொபிடெல்லும் 2021 முதல் எஸ்.எல்.டி. மொபிடெல் என்ற ஒரே வணிகப் பெயரில் இயங்குகின்றன. எடிசலாட்டின் இலங்கைக் கிளை 2018இல் ஹட்சுடன் இணைந்தது. எயார்டெல் லங்கா 2024இல் டயலொக்கின் கைக்குப் போனது. ஆகவே பழைய பெயர்ப் பலகை ஒன்று இன்னும் தொங்கினால் அதை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். கடைக்காரர் பலகையை மாற்றாத சோம்பேறியாகவும் இருக்கலாம். கோபுரத்தைக் காட்டி "இது எங்கள் கோபுரம்" என்று யாராவது சொன்னாலும் அப்படித்தான். கோபுரத்தைக் கட்டி வாடகைக்கு விடுவது தனித் தொழில். ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று கம்பனிகளின் அன்டெனாக்கள் இருப்பது வழமை. கோபுரம் யாருடையது என்பது வலையமைப்பு யாருடையது என்பதைச் சொல்லாது.

இனிச் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். கொக்குவிலில் ஒரு வளவின் பின்பக்க அறையில் குடியேறிய பல்கலைக்கழக மாணவி ஒருவருக்கு நான் உதவியதைக் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன். வலையமைப்பு வேலை எனக்குத் தொழில். அவர் என் நண்பரின் தங்கை.

காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியது

ஒரே கேள்விதான்: மாதாந்தக் கட்டணப் பட்டியல் யாருடைய பெயரிலிருந்து யாருடைய பெயருக்கு வரும்?

மாணவி இதைக் கேட்டபோது கடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "பில்லுக்கு நீங்கள் யோசிக்கத் தேவையில்லை தங்கச்சி, மாதம் பிறந்ததும் தம்பி வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வான்" என்றாராம். விடை அதிலேயே இருக்கிறது. கம்பனியின் இணைப்பென்றால் உங்கள் பெயரும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் எழுதப்பட்ட கம்பனி விண்ணப்பம் இருக்கும். உங்களுக்கென ஒரு கணக்கிலக்கம் இருக்கும். கட்டணத்தை வங்கியிலோ, கம்பனியின் செயலியிலோ, எந்தக் கிளையிலோ கட்டலாம். வரிகள் பட்டியலில் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கும். ஒரு தம்பி வந்து கையால் எழுதிய பற்றுச்சீட்டைத் தருவது கம்பனியின் நடைமுறை அல்ல.

நிலையான இணைப்பாயின் தொலைபேசி இலக்கத்தையும் கேளுங்கள். எஸ்.எல்.டி. மொபிடெல்லின் ஃபைபர் இணைப்பு பொதுவாக ஒரு வீட்டுத் தொலைபேசி இலக்கத்தோடு வரும். யாழ்ப்பாணத்தில் அது 021 என்று தொடங்கும். லைன் பிரித்துக் கொடுப்பவரால் வேகத்தைத் தர முடியும், வைஃபையைத் தர முடியும், இலவசமாகக் கேபிள் டிவியையும் சேர்த்துத் தர முடியும். உங்கள் பெயரில் ஒரு 021 இலக்கத்தை மட்டும் அவரால் தர முடியாது.

சிம் போட்ட 4ஜி ரவுட்டர் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது இன்னொன்று: சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது? "போட்டுத்தான் இருக்கிறது, செருகினால் போதும்" என்று ஏற்கெனவே இயங்கும் சிம்மோடு ரவுட்டரைக் கொடுத்தால் அந்த இணைப்பு வேறொருவருடையது. அவர் அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். நீங்கள் அதில் என்ன செய்தாலும் அதுவும் அவர் பெயரிலேயே பதிவாகும். அந்த இரண்டாவது விஷயம் அவருக்குத்தான் ஆபத்து, ஆனால் விசாரணை வந்தால் அவர் உங்களைத்தான் கைகாட்டுவார்.

கம்பனியிடமே கேளுங்கள்

கடைக்காரர் தந்த இலக்கத்துக்கு அழைக்காதீர்கள். எஸ்.எல்.டி. 1212, டயலொக் 1777, ஹட்ச் 1788. கடையின் பெயரையும் இடத்தையும் சொல்லி, அது தங்கள் முகவரா என்று கேளுங்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி: "இந்த முகவரிக்கு ஃபைபர் கிடைக்குமா?" இல்லை என்று கம்பனி சொல்லும் ஒழுங்கையில், அதே கம்பனியின் ஃபைபரை நாளைக்கே தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் எங்கிருந்தோ இழுத்து வருகிறார் என்று பொருள்.

மாணவி வசித்த ஒழுங்கையில் அப்படித்தான் நடந்தது. பிரதான வீதியில் கம்பனியின் ஃபைபர் இருந்தது, உள் ஒழுங்கைக்கு வரவில்லை. கடைக்காரர் அந்த இடைவெளியைத்தான் விற்றுக்கொண்டிருந்தார். அவர் இல்லையென்றால் அந்த ஒழுங்கையில் பலருக்கு நல்ல இணைப்பே கிடைத்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் செய்ததில் எனக்குக் கோபம் வந்த இடம், அதைத் தன் பெயரில் விற்காமல் கம்பனியின் பெயரில் விற்றதுதான்.

கம்பியைப் பாருங்கள்

இணைப்புப் போட வருகிறவர்கள் எதை எங்கிருந்து இழுக்கிறார்கள் என்று படலையடியில் நின்று பாருங்கள். கம்பனியின் ஃபைபர் மெல்லிய ஒற்றைக் கேபிளாகக் கம்பத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து நேரே உங்கள் சுவருக்கு வரும். அதன் முனை ஒரு ஃபைபர் ரவுட்டரில் செருகப்படும். அந்த ரவுட்டரில் `PON`, `LOS` என்று இரண்டு விளக்குகள் இருக்கும். ஃபைபர் அறுந்தால் `LOS` சிவப்பாக எரியும்.

பிரித்துக் கொடுப்பவர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பயன்படுத்துகிறார். ஒன்று, பக்கத்து வீட்டிலிருந்து மதிலுக்கு மேலால் வரும் சாதாரண வலையமைப்புக் கேபிள், கணினியில் செருகுகிறோமே அதே வகை. அதன் எல்லை 100 மீற்றர். அதற்கு மேல் போனால் இடையில் மின்சாரம் கொடுத்து ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். ஒழுங்கைக்குள் யாரோ ஒருவருடைய வீட்டு விறாந்தையில் அது இருக்கும். அவர் வீட்டில் மின்சாரம் போனால் உங்கள் இணையமும் போகும். மற்றது, கூரைக்கு மேல் குழாயில் பூட்டிய சிறு அன்டெனா. இங்கே அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. கம்பனிகளின் வெளிப்புற 4ஜி ரவுட்டர்களும் கூரையிலேதான் பூட்டப்படும். அதனுள் சிம் இருக்கும். சிம் இல்லாமல், இன்னொரு கூரையை நோக்கித் திருப்பிவைக்கப்பட்ட அன்டெனா என்றால் அது பிரித்துக் கொடுப்பவருடையது.

சிலர் சொந்தமாக ஃபைபரே போடுகிறார்கள், குறிப்பாகக் கேபிள் டிவிக்காரர்கள். அப்போது கம்பியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஃபைபர் அவர்களுடையது, அதில் ஓடும் இணையம் வேறொருவருடையது. அங்கேதான் அடுத்த சோதனை உதவும்.

இணைப்புக்குள்ளிருந்து பார்ப்பது

இணைப்பு வந்த பிறகோ, அதே ஆளிடம் ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலோ இதைச் செய்யலாம். விண்டோஸ் கணினியில் `cmd` என்று தேடித் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
tracert -d 8.8.8.8
```

உங்கள் கணினியிலிருந்து வெளியுலகுக்குப் போகும் வழியில் எந்தெந்தக் கருவிகளைத் தாண்டுகிறீர்கள் என்று இது வரிசையாகக் காட்டும். மாணவியின் அறையில் முதல் மூன்று வரிகள் இப்படி இருந்தன:

```
1    <1 ms   <1 ms   <1 ms   192.168.1.1
2     3 ms    4 ms    3 ms   192.168.88.1
3     5 ms    5 ms    6 ms   192.168.100.1
```

முதல் வரி அவருடைய அறையில் இருந்த ரவுட்டர். அதற்கடுத்த வரி கம்பனியின் கருவியாக இருக்க வேண்டும். ஆனால் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள்ளும் சிறு அலுவலகத்துக்குள்ளும் பாவிக்கப்படுபவை. 192.168.88.1 என்பது மைக்ரோடிக் என்ற ரவுட்டர் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கொண்டிருக்கும் முகவரி. ஒரு இணைப்பைப் பலருக்கு வேகம் வகுத்துக் கொடுக்க மலிவாகவும் வசதியாகவும் இருப்பதால் இந்தத் தொழிலில் அதற்கு நல்ல மவுசு. மூன்றாவதாக இருப்பது 192.168.100.1, ஹுவாவே ஃபைபர் ரவுட்டர்களில் வழமையாக வரும் முகவரி. மூன்று வரிகளையும் சேர்த்து வாசித்தால் கதை தெளிவு: கடையில் சாதாரண ஃபைபர் இணைப்பு ஒன்று, அதன் முன்னால் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர், அதன் வாலில் மாணவியின் அறை.

இந்தச் சோதனையைத் தவறாக வாசிக்கவும் இடமுண்டு. 10 என்று தொடங்கும் முகவரிகளையும், 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவற்றையும் பெரிய கம்பனிகளே தங்கள் வலையமைப்புக்குள் பாவிக்கின்றன. இரண்டாவது வரியில் அவை வந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து உங்கள் அறைக்கு இன்னொரு ரவுட்டர் வைத்துத் தந்திருந்தாலும் இரண்டு 192.168 வரிகள் வரும். அது வியாபாரம் அல்ல, தயவு. மறுபக்கம், கெட்டிக்காரரான மறுவிற்பனையாளர் தன் ரவுட்டரை இந்தப் பட்டியலில் தெரியாமல் மறைக்கவும் முடியும். ஆகவே இந்தச் சோதனை காட்டிக்கொடுத்தால் நம்புங்கள். காட்டாவிட்டால் கட்டணப் பட்டியலுக்கே திரும்புங்கள்.

பலர் செய்கிற இன்னொரு சோதனை `bgp.he.net` போன்ற பக்கத்தைத் திறந்து, தாங்கள் எந்தக் கம்பனியின் முகவரியில் வெளியே போகிறார்கள் என்று பார்ப்பது. எஸ்.எல்.டி.யின் வலையமைப்பு இலக்கம் `AS9329`, டயலொக்கினுடையது `AS18001`, மொபிடெல்லினுடையது `AS45356`. கடைக்காரர்கள் இதைத் தாங்களாகவே திறந்து காட்டுவார்கள்: "பாருங்கள் ஐயா, கம்பனி பெயர் வருகிறதே!" வரத்தான் செய்யும். அவர் கம்பனியிடம் வாங்கிய இணைப்பின் வழியாகத்தான் நீங்கள் வெளியே போகிறீர்கள். தண்ணீர் எந்தக் குளத்திலிருந்து வருகிறது என்று அது சொல்லும். உங்கள் வீட்டுக்குக் குழாய் போட்டவர் யார் என்று சொல்லாது. இந்தச் சோதனை ஒரே ஒரு விதத்தில் பயன்படும்: பலகையில் ஒரு கம்பனி, அந்த இணையப் பக்கத்தில் வேறொரு கம்பனி என்று வந்தால் பொய் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

மாலையில் வேகம் விழுகிறதா? பெரிய கம்பனிகளின் இணைப்பிலும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அது நடக்கும். நெரிசல் எங்கே என்று கண்டுபிடிக்க, அந்த நேரத்தில் இரண்டாவது வரியில் வந்த முகவரியை மட்டும் சோதியுங்கள்:

```
ping 192.168.88.1
```

பகலில் 3, 4 மில்லி செக்கன் காட்டிய இடத்தில் மாணவிக்கு இரவில் 80, 120 என்று ஏறி இறங்கியது. சில தடவை பதிலே வரவில்லை. கடை வரைக்குமான வழியிலேயே நெரிசல் என்பது அதற்குப் பொருள். கம்பனியின் மீது அதில் எந்தப் பிழையும் இல்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்றை வாங்கி இருபது வீட்டுக்குத் தலா 20 எம்பிபிஎஸ் என்று விற்றால், கொடுத்த வாக்கு 400, இருப்பது 100. எல்லோரும் ஒரே நேரத்தில் பாவிக்காதவரை அந்தக் கணக்கு ஒப்பேறும். கோயில் திருவிழாவை நேரலையில் பார்க்கும் இரவில் ஒப்பேறாது.

சுவரில் தொங்கும் சான்றிதழ்

இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். கடைச் சுவரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். அது பொய்யானதல்ல. ஆனால் என்ன சான்றிதழ் என்று கிட்டப் போய் வாசியுங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழ் கொடுக்கப்பட்டிருந்தால் அது விற்பனையாளர் உரிமம். தொலைபேசி, ரவுட்டர் போன்ற கருவிகளை விற்கலாம் என்பதே அதன் பொருள். தொலைத்தொடர்பு முறைமை ஒன்றை நடத்துவதற்கான உரிமம் 17ஆம் பிரிவின் கீழ் வருவது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் செய்ய முடியாது. கேபிள் டிவி நடத்தும் உரிமமும் இணையம் விற்கும் உரிமம் ஆகிவிடாது.

ஆணைக்குழு உரிமம் பெற்றவர்களின் பட்டியலைத் தன் இணையத்தளமான `trc.gov.lk` இல் வகைவகையாக வெளியிடுகிறது. அங்கே தரவுச் சேவையில் இரண்டு வகையைக் காண்பீர்கள்: சொந்தக் கட்டமைப்பு உள்ளவர்கள், சொந்தக் கட்டமைப்பு இல்லாதவர்கள். இரண்டாம் வகையினர் மற்றவரின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்துச் சட்டப்படி சேவை வழங்குபவர்கள். அதாவது வலையமைப்பு சொந்தமாக இல்லாதவரெல்லாம் கள்ளர் அல்ல. உங்களிடம் காசு வாங்குபவரின் பதிவுப் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், அவர் தன் பெயரில் கட்டணப் பட்டியல் தந்தால், தாராளமாக வாங்கலாம். பற்றுச்சீட்டில் உள்ள பெயரைத்தான் தேட வேண்டும், பலகையில் உள்ளதை அல்ல.

2025 ஜூலையில் இலங்கையில் ஸ்டார்லிங்க் சேவை தொடங்கிய பிறகு அதன் தட்டுகளையும் கடைகள் விற்கின்றன. அங்கும் அதே விதிதான்: தட்டு யார் விற்றாலும் பரவாயில்லை, கணக்கு உங்கள் மின்னஞ்சலில், இலங்கை முகவரியில் இருக்க வேண்டும். "எங்கள் கணக்கிலேயே ஓடட்டும், மாதம் எங்களிடம் கட்டுங்கள்" என்றால் அது லைன் பிரிப்பதன் விண்வெளிப் பதிப்பு.

தெரிந்துகொண்டே எடுப்பதென்றால்

மாணவி அந்த இணைப்பை விடவில்லை. ஒழுங்கைக்கு வேறு ஃபைபர் இல்லை, அறைக்குள் 4ஜி சமிக்ஞையும் பலவீனம். ஆனால் நிபந்தனைகளை மாற்றிக்கொண்டார். முற்பணமாகக் கேட்ட ஆறு மாதக் கட்டணத்தைக் கொடுக்க மறுத்து, மாதாமாதம் கட்டுவதாகச் சொன்னார். ரவுட்டருக்குக் கொடுத்த காசு வைப்புப் பணமா, விலையா என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கினார்; விலை என்றால் ரவுட்டர் அவருடையது, போகும்போது கொண்டுபோகலாம். கடைக்காரர் அமைத்த கடவுச்சொற்களை மாற்றினார், வைஃபையினுடையதையும் ரவுட்டரின் உள்நுழைவையும் சேர்த்து. பரீட்சைக் காலத்துக்கென்று தன் பெயரில் பதிவான சிம்மில் ஒரு சிறு தரவுப் பொதியை வைத்துக்கொண்டார்.

வீட்டில் பாதுகாப்புக் கமரா பூட்டி வெளிநாட்டிலிருந்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரித்துக் கொடுத்த இணைப்பில் வெளியிலிருந்து நேரே உள்ளே வர வழி திறக்க முடியாது, ஏனென்றால் அந்த வாசல் கடைக்காரரின் ரவுட்டரில் இருக்கிறது. கமராவின் சொந்தக் கிளவுட் செயலி வழியாகத்தான் பார்க்க வேண்டிவரும்.

முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் எங்கே போவது என்பதும் நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. கம்பனியின் வாடிக்கையாளர் முதலில் கம்பனியில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு, தீராவிட்டால் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு அழைக்கலாம். மறுவிற்பனையாளரின் வாடிக்கையாளருக்குக் கம்பனி உதவாது. கணக்கிலக்கம் கேட்டதும் பேச்சு முடிந்துவிடும். கம்பனியின் பெயரைச் சொல்லி உங்களிடம் விற்றார் என்றால், பலகையின் படம், பற்றுச்சீட்டு, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கின் பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கம்பனிக்கும் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். பணம் அனுப்பும்போது கணக்கின் பெயர் திரையில் தெரிந்தால் அதைக் கவனியுங்கள். கம்பனிக்குப் பதிலாக ஒரு தனிநபரின் பெயர் அங்கே வந்தால், அனுப்பு என்பதை அழுத்தும் முன்பே நிறுத்திவிடலாம்.